‘அந்தப் படகு’, ‘வந்த படகு’: சொல் வகையும் புணர்ச்சியும் ஒரே தாளில்

(காரைக்காலில் தமிழாசிரியர்களுக்கான கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பொதுத்தேர்வுக்கு முன் மாணவர்களுக்குக் கொடுக்கும் இலக்கண மீள்பார்வைத் தாள்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இலக்கணம் முழுவதையும் இழுத்துக்கொண்டு வராமல், வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்ற ஒரே பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடைசியில் நம் ஊர்ப் பெயர்களை வைத்துப் புணர்ச்சிக்கு ஒரு சிறு தாள் செய்வதையும் சொல்கிறேன்.

நம் ஒன்றியப் பகுதியின் அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறின. அதனால் தமிழ் இலக்கணம் ஒன்றும் மாறிவிடவில்லை. குற்றியலுகரம் அங்கும் குற்றியலுகரம்தான். மாறியது வினா கேட்கப்படும் விதம். நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாக்கள் கூடிவிட்டன. விதியை மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளை, இங்கே விதியைப் பயன்படுத்தித்தான் வாங்க வேண்டும். விதி தெரியாத பிள்ளையும் குருட்டாம்போக்கில் சரியான விடையைத் தொட்டுவிட முடியும். இந்த இரண்டாவது நிலையைத்தான் நம் தாள் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பயிற்சியில் நன்றாகச் செய்த பிள்ளை தேர்வில் ஏன் சறுக்கினாள் என்று நமக்கே விளங்காது.

வழக்கமாகக் கையில் கிடைக்கும் தாள்களைப் பாருங்கள். முதல் தாளில் பெயர், வினை, இடை, உரி என்று நால்வகைச் சொற்களும் எடுத்துக்காட்டுகளும் இருக்கும். இன்னொரு தாளில் வல்லினம் மிகும் இடங்கள் இருபது, மிகா இடங்கள் இருபது என்று வரிசையாக இருக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு பாலமும் இருக்காது. ஆனால் அந்த நாற்பது வரிகளையும் நிதானமாகப் படித்தால், ஏறத்தாழ எல்லாமே சொல் வகையை வைத்துத்தான் பேசுகின்றன. பெயரெச்சத்தின் பின் மிகாது, இகர ஈற்று வினையெச்சத்தின் பின் மிகும், இரண்டாம் வேற்றுமை விரிந்து வந்தால் மிகும் என்றுதான் அவை சொல்கின்றன. முன்னால் நிற்கும் சொல் பெயரெச்சமா வினையெச்சமா என்று தெரியாத பிள்ளைக்கு நாற்பது வரியும் மனப்பாடமாக இருந்தும் பயனில்லை. ஆகவே, இவ்விரு தாள்களையும் ஒன்றாக்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கே தொடங்குவது? மாணவர் கட்டுரை நோட்டுகளில் நாம் அடிக்கடி சிவப்பு மையால் சுழிக்கும் பிழை எது என்று நினைத்துப் பாருங்கள். ‘வந்தப் பையன்’, ‘இருந்தக் கடை’, ‘படித்தப் புத்தகம்’. இது ஏன் வருகிறது? பிள்ளை ‘அந்தப் பையன்’, ‘இந்தக் கடை’ என்று எழுதிப் பழகியிருக்கிறது. ‘அந்த’ என்பதும் ‘வந்த’ என்பதும் கண்ணுக்கு ஒரே சாயல். இரண்டும் ‘ந்த’ என்று முடிகின்றன. இரண்டும் ஒரு பெயருக்கு முன்னால் நிற்கின்றன. எனவே ‘அந்தப்’ என்றால் ‘வந்தப்’ என்றும் இருக்க வேண்டும் என்று பிள்ளை தானாக ஒரு விதி செய்துகொள்கிறது. அதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது; அது ஒரு தவறான பொதுமையாக்கம். ‘அந்த’ சுட்டுத்திரிபு; அதன் பின் வல்லினம் மிகும். ‘வந்த’ பெயரெச்சம், அதன் பின் மிகாது. ‘அந்த’ என்பதற்குள் வினை இல்லை. ‘வந்த’ என்பதற்குள் ‘வா’ இருக்கிறது. தாளின் முதல் வரியிலேயே இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடலாம்: அந்தப் படகு, வந்த படகு. ‘பெரிய படகு’, ‘நல்ல படகு’ ஆகியவற்றையும் அடுத்த வரியில் சேர்த்துவிடலாம். அவை குறிப்புப் பெயரெச்சங்கள், அங்கும் மிகாது.

இந்த இடத்தில் பேச்சுத் தமிழ் நமக்குப் பெரிய துணை. எழுத்தில் ‘வந்தப் பையன்’ என்று எழுதும் அதே பிள்ளையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ‘அந்தப் பையன்’ என்னும்போது ‘ப்’ அழுந்தி ஒலிக்கும். ‘வந்த பையன்’ என்னும்போது அழுந்தாது. நாக்குக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால் தாளை எழுதத் தொடங்கும் முன் எல்லாத் தொடர்களையும் ஒருமுறை உரக்கப் படிக்கச் செய்தால் பாதிப் பிழை அங்கேயே குறையும். தேர்வு அறையில் உரக்கப் படிக்க முடியாதே என்று கேட்பீர்கள். உதட்டளவில் முணுமுணுக்கலாம், அதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் பேச்சில் வழங்காத, எழுத்து நடைக்கே உரிய தொடர்களில் காது கைவிட்டுவிடும். அங்கேதான் சொல் வகை வேண்டும்.

இப்போது தாளின் அமைப்புக்கு வருகிறேன். ஒரு ஏ4 தாளின் ஒரு பக்கம் போதும். அதில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் தொடர், அடைப்புக்குறி காலியாக இருக்கும். இரண்டாவது கட்டத்தின் தலைப்பு ‘முதல் சொல் என்ன வகை?’. மூன்றாவதில் விடை. மாணவர் இரண்டாவது கட்டத்தை நிரப்பாமல் மூன்றாவதற்குப் போகக் கூடாது. தாளின் உயிர் அந்த நடுக்கட்டம்தான். அது ஏன் என்று சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

நடுக்கட்டத்தை நிரப்ப மாணவருக்கு ஒரு கேள்வி வரிசை தேவை. முதலில், வருமொழியின் முதல் எழுத்து க, ச, த, ப வரிசையில் இருக்கிறதா? வல்லினம் ஆறு என்றாலும் ட, ற இரண்டும் சொல்லுக்கு முதலில் வாரா. ஆகவே நான்கைப் பார்த்தால் போதும். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். ‘அந்த மரம்’ என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. அடுத்தது, முதல் சொல் வினையிலிருந்து பிறந்ததா, பெயரா? வினையென்றால் அது பெயரைத் தேடுகிறதா, வினையைத் தேடுகிறதா?

இதற்குப் பயிற்சியாக ஒரே வினையடியை எடுத்துக்கொண்டு அதன் வடிவங்களை ஒரு வரியில் எழுதச் சொல்வது நல்லது. நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ‘பிடி’ என்பதைக் கொடுக்கலாம். பிடித்தார் என்பது வினைமுற்று. பிடித்து என்பது வினையெச்சம். இன்னொரு வினை வந்தால்தான் நிறைவு பெறும். பிடித்த என்பது பெயரெச்சம். பெயர் வந்தால்தான் நிறைவு. பிடித்தல் தொழிற்பெயர். பிடித்தவர் வினையாலணையும் பெயர். கடைசி இரண்டையும் பிள்ளைகள் குழப்புவார்கள். காலம் காட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னால் குழப்பம் தீரும். பிடித்தவர், பிடிக்கிறவர், பிடிப்பவர் என்று மூன்று காலத்தையும் காட்ட முடிந்தால் அது வினையாலணையும் பெயர். பிடித்தல் என்பதற்குக் காலம் இல்லை. இதன்பின் ‘பிடித்து’ என்பதற்கும் ‘பிடித்த’ என்பதற்கும் அடுத்து ஆளுக்கொரு சொல் சேர்க்கச் சொன்னால், ‘பிடித்துச் சென்றார்’, ‘பிடித்த படகு’ என்று புணர்ச்சி தானாக வந்து நிற்கும். சொல் வகைக்கென்று தனித் தாள் வேண்டாம் என்பது இதனால்தான்.

பெயரெச்சம் என்று தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது. வந்த படகு, வருகின்ற படகு, வராத படகு எதிலும் மிகாது. ஒரே விலக்கு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘ஓடாத படகு’ என்பதில் ‘த’ கெட்டு ‘ஓடா’ என்று நின்றால் ‘ஓடாப் படகு’ என்று மிகும். இந்த இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். தனியாக ‘ஓடாக் குதிரை’ மட்டும் கொடுத்தால் எதிர்மறை என்றாலே மிகும் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

வினையெச்சத்தில்தான் சற்று நிற்க வேண்டும். ‘வினையெச்சத்தின் பின் மிகும்’ என்று ஒரே வரியில் முடிக்கும் தாள்கள் உண்டு. அது பாதி உண்மை. வினையெச்சத்தின் கடைசி எழுத்தைப் பார்க்க வேண்டும். அகரத்தில் முடிந்தால் மிகும்: வரச் சொன்னார், பாடக் கேட்டேன். இகரத்தில் முடிந்தால் மிகும்: ஓடிப் போனான். யகர ஒற்றில் முடிந்தாலும் மிகும்: போய்ச் சேர்ந்தான். உகரத்தில் முடிந்தால் மட்டும் ஓர் எழுத்துப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே வல்லின ஒற்று இருந்தால், அதாவது த்து, ட்டு, ற்று என்று முடிந்தால், அது வன்தொடர்க் குற்றியலுகரம், மிகும். படித்துப் பார், விட்டுச் சென்றான், கற்றுக் கொடுத்தார். மெல்லின ஒற்று இருந்தால் மிகாது: வந்து சேர்ந்தான், நின்று பார்த்தான், கொண்டு போனான். செய்து, அழுது, உழுது போன்றவற்றின் பின்னும் மிகாது: செய்து பார்த்தான், அழுது தீர்த்தான்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு இணை உண்டு. ‘எனக் கூறினார்’, ‘என்று கூறினார்’. பொருள் ஒன்றே, வேலையும் ஒன்றே. ஆனால் ‘என’ அகரத்தில் முடிவதால் மிகுகிறது. ‘என்று’ மென்தொடர் என்பதால் மிகவில்லை. பொருளைப் பார்த்து முடிவு செய்யும் பிள்ளைக்கு இந்த இணை நல்ல பாடம். கட்டுரை எழுதும்போது ஒவ்வொரு பக்கத்திலும் வரும் சொற்கள் இவை என்பதால் பயனும் அதிகம்.

பெயர்ப் பக்கத்தில் வேற்றுமை உருபு வெளிப்படையாக இருந்தால் எளிது. ‘ஐ’, ‘கு’ இரண்டின் பின்னும் மிகும்: மீனைப் பிடித்தார், வீட்டுக்குக் கொடுத்தார். ஆல், ஓடு, இல், இருந்து, அது ஆகியவற்றின் பின் மிகாது: வலையால் பிடித்தார், அண்ணனோடு சென்றார், கடலிலிருந்து திரும்பினார், அவரது படகு. உருபு மறைந்திருந்தால்தான் சிக்கல். ‘மீன் பிடித்தார்’, ‘வலை பின்னினார்’ என்பவற்றில் ‘ஐ’ மறைந்திருக்கிறது, அங்கே மிகாது. ‘வலையைப் பின்னினார்’ என்று உருபு விரிந்ததும் மிகுகிறது. தொகை வகைகளில் ‘ஊறுகாய்’ போன்ற வினைத்தொகையிலும் ‘செடி கொடி’ போன்ற உம்மைத்தொகையிலும் மிகாது என்பதையும், ‘சாரைப் பாம்பு’ போன்ற இருபெயரொட்டில் மிகும் என்பதையும் சேர்த்தால் பத்தாம் வகுப்புக்குப் போதும். எல்லாத் தொகையையும் ஒரே தாளில் திணிக்க வேண்டாம்.

தாளின் எல்லையும் இங்கே தெரிகிறது. ‘வேலை( ) கொடுத்தார்’ என்று ஒரு வினாவைத் தனியாகக் கொடுத்தால் அதற்கு ஒரே விடை இல்லை. முதலாளி பணி கொடுத்தார் என்றால் ‘வேலை கொடுத்தார்’. அரசர் வீரனிடம் வேல் என்னும் படைக்கருவியைக் கொடுத்தார் என்றால் ‘வேலைக் கொடுத்தார்’. இப்படிப் பொருளைப் பொறுத்து மாறும் தொடர்களுக்கு முழு வாக்கியமும் வேண்டும்.

இனி ஒரு மாதிரித் தாளையே செய்து பார்ப்போம். தனித்தனிச் சொல் இணைகளுக்குப் பதிலாக ஒரு சிறு பத்தி:

“அந்த( ) படகு கரைக்கு( ) திரும்பி வந்து( ) சேர்ந்தது. வலையை( ) பிரித்து( ) காயப்போட்ட( ) பெரியவர் கிழிந்த( ) பகுதியை( ) தைக்க( ) தொடங்கினார்.”

ஒன்பது இடங்கள். அந்தப் படகு: சுட்டுத்திரிபு. கரைக்குத் திரும்பி: நான்காம் வேற்றுமை விரி. வந்து சேர்ந்தது: மென்தொடர்க் குற்றியலுகர வினையெச்சம், மிகாது. வலையைப் பிரித்து: இரண்டாம் வேற்றுமை விரி. பிரித்துக் காயப்போட்ட: வன்தொடர்க் குற்றியலுகர வினையெச்சம். காயப்போட்ட பெரியவர், கிழிந்த பகுதி: இரண்டும் பெயரெச்சம், மிகா. பகுதியைத் தைக்க: மீண்டும் இரண்டாம் வேற்றுமை. தைக்கத் தொடங்கினார்: அகர ஈற்று வினையெச்சம். ஆறு இடங்களில் மிகுகிறது, மூன்றில் இல்லை. இந்த விகிதம் முக்கியம். எல்லா இடத்திலும் மிகும்படி அமைந்த தாளில், ஒன்றும் தெரியாமல் எங்கும் ஒற்றைப் போட்டுக்கொண்டே போகும் பிள்ளை முழு மதிப்பெண் வாங்கிவிடும். மிகாத இடம் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

இப்போது நடுக்கட்டத்துக்கு வருவோம். ஒரு மாணவி இந்தத் தாளில் இரண்டு பிழை செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘வந்துச் சேர்ந்தது’ என்றும் ‘கிழிந்தப் பகுதி’ என்றும் எழுதியிருக்கிறாள். விடைக் கட்டத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே வகைப் பிழை. தேவையற்ற இடத்தில் ஒற்று. நடுக்கட்டத்தைப் பார்த்தால் கதை வேறு. ‘வந்து’ என்பதற்கு ‘வினையெச்சம்’ என்று சரியாக எழுதியிருக்கிறாள். அவளுக்குச் சொல் வகை தெரியும். வன்தொடருக்கும் மென்தொடருக்கும் வேறுபாடு உண்டு என்பதுதான் தெரியவில்லை. ‘கிழிந்த’ என்பதற்கும் ‘வினையெச்சம்’ என்று எழுதியிருக்கிறாள். அங்கே சொல் வகையே தவறு. கிழிந்து, கிழிந்த என்ற இரண்டையும் அவள் பிரித்துப் பார்க்கவில்லை. முதல் பிழைக்கு ‘படித்துப் பார்த்தாள்’, ‘வந்து பார்த்தாள்’ என்று ஐந்தாறு இணைகள் கொடுத்தால் போதும். இரண்டாவதற்கு மறுபடியும் ‘பிடித்து, பிடித்த’ வரிசைக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒன்று ஆறும், மற்றது அப்படியே இருக்கும்.

விடை சரியாக இருந்து நடுக்கட்டம் தவறாக இருந்தால்? அது காதினாலோ யூகத்தினாலோ வந்த விடை. அதற்கும் சரிக்குறி போட்டுவிடலாம், ஆனால் அந்தப் பிள்ளையின் பெயரை நம் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் தாளில் அந்தப் பிள்ளைதான் நம்மை ஏமாற்றும்.

அந்த வகை வினாவையும் இதே முறையில் அமைக்கலாம். பிழையற்ற தொடர் எது என்று கேட்டு, (அ) அந்த படகு வந்துச் சேர்ந்தது, (ஆ) அந்தப் படகு வந்துச் சேர்ந்தது, (இ) அந்த படகு வந்து சேர்ந்தது, (ஈ) அந்தப் படகு வந்து சேர்ந்தது என்று கொடுங்கள். விடை (ஈ). ஆனால் தவறான விடைகளும் நமக்குச் செய்தி சொல்ல வேண்டும். (ஆ) என்று எழுதுபவருக்குச் சுட்டு தெரியும். வினையெச்சம் எல்லாம் மிகும் என்று நினைக்கிறார். (இ) என்று எழுதுபவர் ஒற்றே போடாமல் எழுதிப் பழகியவர். கைப்பேசித் தட்டச்சில் இப்பழக்கம் இப்போது நிறையவே வருகிறது. (அ) எழுதுபவருக்கு இரண்டுமே தெரியவில்லை. பொருத்தமில்லாத மூன்று விடைகளைச் சும்மா இட்டு நிரப்பினால் இந்தச் செய்தி ஒன்றும் கிடைக்காது.

ஒரு விஷயத்தை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் வரும் பல தாள்களில் எடுத்துக்காட்டுகள் சரியாக இருக்கும். கட்டளை வரியில் பிழை இருக்கும். ‘கீழ்கண்ட வினாக்களுக்கு’, ‘சரியான விடையை தேர்ந்தெடு’, ‘எடுத்துகாட்டு தருக’. வல்லினம் மிகும் இடத்தைப் பற்றிய தாளிலேயே இப்படி இருந்தால் பிள்ளை எதை நம்பும்? கட்டளை வரியைத்தான் பிள்ளை ஒவ்வொரு தாளிலும் படிக்கிறது. கீழ்க்கண்ட, விடையைத் தேர்ந்தெடு, எடுத்துக்காட்டு. நகல் எடுக்கும் முன் இந்த மூன்றையாவது தேடிப் பார்த்துவிட வேண்டும்.

விடைக் குறிப்பை அதே பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிடும் பழக்கமும் வேண்டாம். தாளைத் திருப்பப் பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? விடையை மறுநாள் கொடுக்கலாம். ஒரு வாரம் கழித்து அதே ஒன்பது வகைகளையும் வேறு சொற்களில் வைத்து இன்னொரு பத்தி. தேர்வுக்கு முந்தைய வாரம் மூன்றாவது பத்தி. வகை அதே, சொல் வேறு. அதே சொற்களைத் திரும்பக் கொடுத்தால் விதி நினைவில் நிற்காது. ‘வலையைப்’ என்ற எழுத்துக்கூட்டல் மட்டும்தான் நிற்கும்.

இனி ஊர்ப் பெயர்த் தாள். புணர்ச்சி விகாரங்களைச் சொல்லிக்கொடுக்கப் பாடநூலுக்கு வெளியே எங்கும் போக வேண்டாம்; பேருந்தின் பெயர்ப்பலகை போதும். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓர் ஊருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது வரலாறு. அதற்குச் சான்று வேண்டும். நாம் செய்வது, அந்தச் சொல் வடிவம் எந்த விதிக்கு இணங்கி நிற்கிறது என்று பார்ப்பது மட்டுமே. பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

கோட்டுச்சேரி. பிரித்தெழுதச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் ‘கோட்டு + சேரி’ என்பார்கள். கண்ணுக்குத் தெரிவதை வெட்டுவதுதான் அது. கோடு + சேரி என்று பிரிக்க வேண்டும். ‘கோடு’ நெடில்தொடர்க் குற்றியலுகரம். டகர ஒற்று இரட்டித்துக் ‘கோட்டு’ ஆகிறது, பிறகு வல்லினம் மிகுந்து கோட்டுச்சேரி. பிள்ளைக்குப் புரிந்ததா என்று அறிய, அதே ஊரைத் திரும்பக் கேட்காமல் ‘வீடு + சோறு’, ‘ஆடு + கால்’ கேளுங்கள். வீட்டுச்சோறு, ஆட்டுக்கால் வந்தால் சரி. அடுத்து அரசலாறு. அரசலாறு + பாலம் என்றால் அரசலாற்றுப் பாலம். ஆனால் ‘அரசலாறு பாய்கிறது’ என்றால்? இங்கும் வருமொழி பகரத்தில்தான் தொடங்குகிறது. இருந்தும் இரட்டிப்பும் இல்லை, மிகுதலும் இல்லை. ஏனெனில் ஆறு இங்கே எழுவாய். ‘ஆறு கடந்தான்’ என்பதிலும் இரட்டிப்பதில்லை. அங்கே ‘ஐ’ மறைந்திருக்கிறது. எழுத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, தொடரில் சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு நம் ஆற்றைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

பட்டினச்சேரி: பட்டினம் + சேரி. மகரம் கெட்டு வல்லினம் மிகுந்தது. இதோடு ‘நிலம் + கடந்தான் = நிலங்கடந்தான்’ என்பதையும் வைத்தால், மகரம் கெடுவதும் உண்டு, இனமெல்லெழுத்தாகத் திரிவதும் உண்டு என்று காட்டலாம்.

திருநள்ளாறு. நளன் கதையைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளில் யாராவது ஒருவர் நிச்சயம் ‘நளன் + ஆறு’ என்பார். தவறு என்று உடனே சொல்லிவிடாமல் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நளன் + ஆறு என்றால் நளனாறு என்றுதான் வரும், நள்ளாறு வராது. நள் + ஆறு என்றால் தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்ததால் இரட்டித்து நள்ளாறு ஆகிறது. நள் என்பதற்கு நடு என்ற பொருள் உண்டு. கதையைத் தொட வேண்டியதில்லை. விதி மட்டும் எழுதினால் போதும். இதன் பக்கத்தில் காரைக்கால் + அம்மையார் = காரைக்காலம்மையார் என்று வையுங்கள். அங்கே ‘கா’ நெடில். லகரம் இரட்டிக்காமல் அகரத்தோடு சேர்ந்துவிடுகிறது. அம்மையாரின் மாங்கனியும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. மா + கனி என்பதில் வல்லினம் வராமல் இனமெல்லெழுத்து வந்து மாங்கனி ஆனது. மரப்பெயர் என்றாலே அப்படியா என்றால் இல்லை. பலா + பழம் பலாப்பழம்தான்.

காரைக்கால் கடற்கரையைப் பற்றி ஓர் ஆசிரியர் கேட்கலாம். கடல் + கரை கடற்கரை ஆகும்போது காரைக்கால் + கடற்கரை ஏன் ‘காரைக்காற் கடற்கரை’ ஆகவில்லை? பழைய நூல் வழி அப்படித்தான் எழுதலாம். இன்றைய வழக்கில் இடப்பெயரைச் சிதைக்காமல் விட்டுவிடுகிறோம். இப்படி நூல் வழியும் இன்றைய வழக்கும் விலகும் இடங்களைத் தேர்வுக்கு முந்தைய தாளில் வைக்க வேண்டாம். வகுப்பில் பேசலாம்; தாளில் பாடநூலில் உள்ளதை ஒட்டியே நிற்க வேண்டும். விடைத்தாள் திருத்துபவர் கையில் இருப்பது அதுதான்.

கடைசியாக நெடுங்காடு. நெடுமை + காடு. ‘மை’ ஈறு போய், ககரத்துக்கு இனமான ஙகரம் மிகுந்து நெடுங்காடு. ஈறுபோதல், இனமிகல் என்று இரண்டு விதிப் பெயரையும் வரிசையாக எழுத வேண்டும். விடைகளில் வரிசையை மாற்றிக் கொடுத்தால் பிள்ளைகள் தடுமாறுவார்கள். வருமொழி சகரமானால் ஞகரம் வரும், நெடுஞ்சாலை. இதைச் சொல்லி முடித்ததும் யாராவது ஒரு பிள்ளை, ‘சார், அப்போ புதுச்சேரி ஏன் புதுஞ்சேரி ஆகலை?’ என்று கேட்கும். நல்ல கேள்வி. பண்புப்பெயர்களில் இனம் மிகுவது உண்டு என்றுதான் நூல் சொல்கிறது. எல்லாவற்றிலும் மிகும் என்று சொல்லவில்லை. ஆகவே வழக்கைப் பார்த்துப் பட்டியல் போட வேண்டியதுதான். பெருமை, கருமை, நெடுமை, குறுமை ஆகியவை மெல்லினத்தை வாங்கும்: பெருங்கடல், கருங்கல், நெடுஞ்சாலை, குறுங்கதை. புதுமை, பொதுமை வல்லினத்தை வாங்கும்: புதுச்சேரி, பொதுக்கூட்டம். சிறுமை எதையும் வாங்காமல் பல இடங்களில் இயல்பாக நிற்கும்: சிறுகதை, சிறுதானியம். இந்தப் பட்டியலைப் பிள்ளைகளையே ஒரு நாளிதழை வைத்துக்கொண்டு தேடி நீட்டச் சொல்லுங்கள். ஒரு பாடவேளைக்கு அது சரியாக இருக்கும்.